கூச்ச சுபாவக்காரர் வருங்கால மனைவிக்கு ஆசையாக மெசேஜ் எழுதுவது எப்படி?

கேள்வி: எனக்கு 29 வயது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆரணிப் பக்கத்துப் பெண்ணுடன் நிச்சயம் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, தை மாதம் கல்யாணம். அவர் ஆற்காட்டில் டீச்சர், வாட்ஸப்பில் நன்றாகப் பேசுவார். நான் சுபாவத்திலேயே அதிகம் பேசாதவன். ஆசையாக ஒரு வரி டைப் பண்ணினால் கை அப்படியே நின்றுவிடும், அழித்துவிடுவேன். நேற்று அவர், "இன்னிக்கு பஸ்ல இடமே இல்ல, ஆற்காடு வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன்" என்று போட்டார். நான் "அப்படியா" என்று போட்டேன். அத்தோடு பேச்சு முடிந்துபோனது. என்னைப் போன்றவர்கள் கொஞ்சலாக மெசேஜ் அனுப்ப என்னதான் செய்வது?

பதில்:

அவரை வர்ணிக்க முயல்வதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டு, அது உங்களை என்ன செய்தது என்பதை ஒரு வரியில் எழுதி, அவர் பதில் சொல்ல இடம் விட்டு நிறுத்துங்கள். இதுதான் சுருக்கமான பதில். திருமணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு வரும் இளைஞர்களுடன் வேலூரில் பேசிவருபவன் என்ற முறையில், கை நின்றுபோகும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். பாசம் குறைவாக இருப்பதாலோ மொழி வராததாலோ அவர்கள் நிற்பதில்லை. தொடங்கும்போதே மிகக் கனமான வாக்கியத்தைத் தூக்க முயல்வதால் நிற்கிறார்கள்.

"நீங்க ரொம்ப அழகு", "உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு" போன்ற வரிகள் தீர்ப்பு மாதிரியானவை. தீர்ப்பை எழுதியவுடன் கூச்சம் உள்ளவரின் மனம் விசாரணையைத் தொடங்கிவிடும். இது அதிகமாகத் தெரியுமா, சினிமா வசனம்போல இருக்குமா, இதற்கு அவர் என்ன பதில்தான் சொல்வார் என்று கேள்விகள் வரிசையாக வரும். ஒன்றுக்கும் உறுதியான விடை கிடைக்காது என்பதால் விரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போகிறது. நடந்த ஒன்றைப் பற்றிய வரிக்கு இந்த விசாரணை கிடையாது. அவர் பேருந்தில் நின்றுகொண்டு வந்தார் என்பது உண்மை. அதைப் படித்தபோது உங்களுக்கு ஏதோ தோன்றியது என்பதும் உண்மை. உண்மையை எழுதும்போது அதைச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறதா என்ற சந்தேகம் வருவதில்லை, ஆகவே கை ஓடுகிறது. படிக்கும் பெண்ணுக்கும் பொதுவான புகழ்ச்சியைவிட இதில்தான் சூடு அதிகம், ஏனென்றால் இந்த வரியை வேறு எந்தப் பெண்ணுக்கும் அனுப்ப முடியாது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

நேற்றைய செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஆரணியிலிருந்து ஆற்காட்டுக்குக் காலை நேரத்தில் நின்றுகொண்டு வருவது சின்ன அலுப்பு அல்ல. கையில் பை, அதில் திருத்திய விடைத்தாள் கட்டு, சாப்பாட்டு டப்பா, மேலே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. அதைத் தாண்டிப் பள்ளிக்குப் போய் நாள் முழுவதும் மறுபடியும் நின்றுகொண்டே பாடம் நடத்தியிருப்பார். அந்த அலுப்பைச் சொல்ல அவர் உங்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதுதான் அந்தச் செய்தியின் உண்மையான பொருள். நிச்சயமான பெண், "இடமே இல்ல" என்று எழுதுவது பேருந்து வசதியைப் பற்றிய தகவல் தருவதற்காக அல்ல. "அப்படியா" என்ற சொல் தகவலை மட்டும் வாங்கிக்கொண்டு அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அதற்கு மூன்று படிகளில் பதில் எழுதலாம். முதல் படி அக்கறை மட்டும்.

"ஆற்காடு வரைக்குமேவா? திமிரியில கூட யாரும் எறங்கலையா? கால் இப்ப எப்படி இருக்கு?"

இதில் கொஞ்சல் எதுவும் இல்லை. ஆனால் அவர் வரும் வழி உங்கள் மனக்கண்ணில் ஓடியிருக்கிறது என்பது தெரிகிறது. "திமிரி" என்ற அந்த ஒரு ஊர்ப்பெயர் இல்லாமல் "அச்சச்சோ, கால் வலிக்குதா" என்று மட்டும் எழுதியிருந்தால், யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய நலம் விசாரிப்பாகப் போயிருக்கும். கூச்சம் உள்ளவர் எந்தப் பயமும் இல்லாமல் இன்றே அனுப்பக்கூடியது இந்தப் படிதான்.

இரண்டாவது படியில் நீங்கள் உள்ளே வருகிறீர்கள்.

"நீங்க நின்னுக்கிட்டே வந்தீங்கன்னு படிச்சதுல இருந்து, இன்னிக்கு ஆபீஸ் சேர்ல உக்காரவே ஒரு மாதிரியா இருந்துச்சு."

இங்கே அவரைப் பற்றி ஒரு புகழ்ச்சியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் நாள் முழுவதும் அவர் உங்கள் நினைவில் இருந்தார் என்பது முழுசாக இருக்கிறது. நினைத்துக்கொண்டிருந்தேன் என்று நேராகச் சொல்ல வெட்கப்படுகிறவருக்கு, அந்த நினைப்பு எங்கே எப்போது வந்தது என்று சொல்வது எளிது. நாற்காலி, டீ டம்ளர், கணக்குப் புத்தகம், ஷிப்டு முடியும் சங்கு என்று கண்முன் இருக்கும் பொருளில் நினைப்பைச் சாய்த்துவைத்துவிட்டால் வெட்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

மூன்றாவது படியில்தான் விளையாட்டு வருகிறது. உங்களுக்கு அருமையான ஒரு இடம் தானாகவே அமைந்திருக்கிறது. அவர் வேலை பார்ப்பது பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஆற்காட்டில், நீங்கள் இந்தப் பக்கம் ராணிப்பேட்டையில்.

"ஆத்துக்கு அந்தாண்ட நீங்க, இந்தாண்ட நான். பாலாத்துல தண்ணியே இல்ல, ஆனாலும் தாண்ட தை வரைக்கும் வெயிட் பண்ணணுமாம்."

அல்லது,

"தைக்கு அப்புறம் பாலம் தாண்டினா உங்க ஸ்கூல். பைக்ல பின்சீட்டு இப்பவே புக் ஆயிடுச்சு. யார் பேர்லன்னு சொல்லுங்க பாப்போம்."

இவற்றில் ஆசை வெளிப்படையாக இருக்கிறது, ஆனால் அது ஆற்றின் மீதும் பைக் சீட்டின் மீதும் ஏறி வருகிறது. அவர் விரும்பினால் அந்த விளையாட்டில் சேர்ந்துகொள்ளலாம், விரும்பாவிட்டால் சிரித்துவிட்டு வேறு பேசலாம். இருவருக்கும் முகம் சுருங்காது. நல்ல கொஞ்சலுக்கு அடையாளமே, எதிரே இருப்பவர் சங்கடமில்லாமல் ஒதுங்கிக்கொள்ள அதில் வழி இருப்பதுதான்.

மூன்றையும் ஒரே நாளில் அனுப்பக் கூடாது. முதல் படிக்கு அவர் எப்படிப் பதில் எழுதுகிறார் என்று பாருங்கள். "திமிரியில நாலு பேர் எறங்கினாங்க, ஆனா எட்டு பேர் ஏறிட்டாங்க, அதுல ஒரு பாட்டி என் கால் மேலயே கூடையை வெச்சிட்டாங்க" என்பதுபோலக் கேட்டதற்கு மேல் ஒரு வாசகம் கூடுதலாக வந்தால், இரண்டாம் படிக்குப் போகலாம். இரண்டாம் படிக்கு அவர் தன்னைப் பற்றியே ஏதாவது சொன்னாலோ, "அப்போ நாளைக்கு நீங்களும் நின்னுக்கிட்டே வேலை பாருங்க" என்று உங்களை வம்புக்கு இழுத்தாலோ, மூன்றாம் படிக்கு வாசல் திறந்திருக்கிறது. சிரிப்பு முகம் ஒன்றைப் போட்டுவிட்டுப் பேச்சை மாற்றினால் அது மறுப்பு அல்ல. ஆனால் அன்றைக்கு அதற்குமேல் போக வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு படி இறங்கிச் சாதாரணமாகப் பேசுங்கள். அவர் ஏறும் அளவுக்கு நீங்களும் ஏறுவது, அவர் இறங்கினால் உடன் இறங்குவது என்ற இந்த ஒரு பழக்கம் இருந்தால் பெரிய தவறு எதுவும் நடக்க வழியில்லை.

"அப்படியா" போட்டு முடிந்துபோன பேச்சையும் இன்று மீட்கலாம். மறுநாள் காலை அவர் பேருந்து ஏறும் நேரத்துக்கு, "இன்னிக்காவது சீட்டு கெடச்சுதா? நேத்துல இருந்து இதையேதான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்று அனுப்புங்கள். தாமதமாக வரும் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு. உடனே வரும் கேள்வி மரியாதைக்காகவும் வரலாம், ஒரு நாள் கழித்து வரும் கேள்வி நினைவில் வைத்திருந்தால் மட்டுமே வரும். அதிகம் பேசாதவர்கள் பொதுவாக நன்றாகக் கவனிப்பார்கள், கேட்டதை மறக்க மாட்டார்கள். அதிகம் பேசுகிறவர்களிடம் எளிதில் காணக்கிடைக்காத சொத்து இது. அவர் திங்கட்கிழமை போகிறபோக்கில் "வியாழக்கிழமை எட்டாம் வகுப்புக்கு யூனிட் டெஸ்ட்" என்று சொல்லியிருப்பார். வியாழன் மதியம், "எட்டாவது பசங்க எப்படி எழுதினாங்க? பேப்பர் கட்டு ரொம்பப் பெருசா?" என்று நீங்கள் கேட்டால், இனிமையான சொல் ஒன்றுகூட இல்லாமலேயே அது மிக இனிமையான செய்தியாகிவிடும். இப்படிக் கேட்கவேண்டிய விஷயங்களை, காலண்டரில் குறித்துவைத்தாவது கேளுங்கள். குறித்துவைப்பதில் செயற்கை எதுவும் இல்லை.

அடுத்து, கை நின்றுபோவதற்கு வாட்ஸப்பின் அமைப்பும் ஒரு காரணம். நீங்கள் எழுதும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் "typing…" என்று தெரிகிறது. எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் ஒன்றும் அனுப்பாமல் விட்டால், அரட்டையைத் திறந்து வைத்திருக்கும் அவர் அந்தத் தயக்கம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். அது உங்களுக்கும் தெரியும் என்பதால் பதற்றம் இரட்டிப்பாகிறது. இந்த அறிகுறியை மட்டும் தனியாக அணைத்துவைக்க வாட்ஸப்பில் வழி கிடையாது. ஆகவே ஆசையான வரியை அந்த அரட்டைக்குள் எழுதவே எழுதாதீர்கள். வாட்ஸப்பில் உங்கள் எண்ணுக்கே நீங்கள் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். அங்கே எழுதி அனுப்பிவிட்டு, உங்களுக்கு வந்த செய்திபோல ஒருமுறை படித்துப் பாருங்கள். பச்சைப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்த வரியைப் படிக்கும்போது, எழுதும் பெட்டியில் பயங்கரமாகத் தெரிந்த வாக்கியம் சாதாரணமாகத் தெரியும். பிறகு நகலெடுத்து அவருக்கு அனுப்புங்கள். இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குமேல் திருத்தினால் வரியிலிருந்து உங்கள் குரல் போய்விடும், அலுவலகக் கடிதத்தின் குரல் வந்துவிடும்.

அனுப்பியபின் பிழை தெரிந்தால் 15 நிமிடத்துக்குள் திருத்த வசதி இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு எல்லோருக்கும் அழிப்பதை மட்டும் செய்யாதீர்கள். செய்தி அழிக்கப்பட்டது என்ற தடயம் அங்கேயே கிடக்கும். என்ன எழுதி எதற்காக அழித்தார் என்று அவர் நாள் முழுக்க யோசிப்பார், நீங்களும் விளக்கம் சொல்லவேண்டி வரும். ஓரளவு அசடாக இருக்கும் வரியை அப்படியே விட்டுவைப்பது அதைவிட நூறு மடங்கு நல்லது.

மொழி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கூச்சம் வந்ததும் பலர் எழுத்துத் தமிழுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். "தங்களை மிகவும் நினைத்துக்கொண்டிருந்தேன்" என்று வந்தால் அது மேடையில் வாசிப்பதுபோல இருக்கும். ஆரணியிலும் ஆற்காட்டிலும் பேசும் பேச்சு எப்படியோ அப்படியே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஆங்கில எழுத்தில் எழுதினாலும் பரவாயில்லை, அவர் எப்படி எழுதுகிறாரோ அதையே பின்பற்றலாம். சிலர் கூச்சத்தில் நேர் எதிராகப் போய், தெரியாத கவிதை வரிகளை இணையத்திலிருந்து எடுத்து அனுப்புகிறார்கள். நேற்றுவரை "ம்" என்று எழுதியவரிடமிருந்து திடீரென நிலாவும் தென்றலும் வந்தால் எந்தப் பெண்ணும் கண்டுபிடித்துவிடுவார். காலை வணக்கப் படங்களும் அப்படித்தான், குடும்பக் குழுவில் வரும் அதே ரோஜாப்பூவுக்கு நீங்கள் தேவையில்லை.

"நீங்க" என்பதிலிருந்து "நீ"க்கு எப்போது போவது என்பது நம் ஊரில் நிச்சயமான ஆண்கள் பலரை உறுத்தும் கேள்வி. உறுதியாகத் தெரியாதபோது கையாள நம் பேச்சிலேயே அழகான வழி இருக்கிறது. "சாப்ட்டாச்சா?", "ஸ்கூல் விட்டாச்சா?", "வீட்டுக்கு வந்தாச்சா?" என்று கேட்டால் நீயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். தூரமும் தெரியாது, அவசரமும் தெரியாது. சில வாரம் இப்படிப் பழகியபின், "ஒரே ஒரு தடவை 'நீ'ன்னு கூப்பிட்டுப் பாக்கட்டுமா? கோவம் வந்தா மறுபடியும் 'நீங்க'தான்" என்று கேளுங்கள். கேட்காமல் மாறினால் சிலருக்கு அது அதிகாரமாகப் படும். கேட்டுவிட்டு மாறினால் அந்தக் கேள்வியே நீங்கள் அனுப்பிய மிகக் கொஞ்சலான செய்தியாக இருக்கும். அவர் ஆசிரியர் என்பதால் "டீச்சர், ஒரு டவுட்டு" என்று தொடங்கும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. "டீச்சர், ஒரு டவுட்டு. தைக்கு இன்னும் எத்தனை நாள்னு நான் எண்ணினா ஒரு கணக்கு வருது, காலண்டர்ல வேற கணக்கு வருது. என் கணக்கு ஏன் பெருசா வருது?" கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் இதைக் கேட்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது. அவர் உங்களை என்னவென்று கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். "மாமா"வென்று கூப்பிடச் சொல்லி இப்போதே வற்புறுத்தும் ஆண்களைப் பார்க்கிறேன். அது தானாக வரும் நாளில்தான் அதற்குச் சுவை.

வம்புக்கு இழுப்பதில் ஒரு கடுமையான எல்லை உண்டு. 2005இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் கேலியாக எழுதியதா உண்மையாக எழுதியதா என்பது படிப்பவருக்குப் புரிந்துவிடும் என்று எழுதியவர்கள் நம்பிய அளவுக்கு, படித்தவர்களுக்குப் புரியவில்லை என்று தெரியவந்தது. எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, படிப்பவருக்கு எழுத்து மட்டுமே போகிறது. ஆகவே உங்கள் கேலி பேருந்து, ஆறு, நாட்காட்டி, உங்களுடைய பொறுமையின்மை ஆகியவற்றின் மீது இருக்கட்டும். அவருடைய நிறம், உடல்வாகு, சமையல், அவர் வீட்டார், நிச்சயத்தில் செய்த சீர், இவற்றின் மீது ஒரு வார்த்தைகூட வேண்டாம். சிரிப்பு முகம் போட்டு அனுப்பினாலும் அது அவர் மனதில் கல்யாணம் தாண்டியும் கிடக்கும்.

கூச்சம் உள்ளவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை ஒன்று இருக்கிறது, அதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். நல்ல வரி ஒன்றை எழுதிவிட்டு அதன் வாலில், "தப்பா நெனைக்காதீங்க", "சும்மா சொன்னேன்", "ஓவரா பேசிட்டேனா சாரி" என்று சேர்ப்பார்கள். அவர்களுக்கு அது பணிவாகத் தெரிகிறது. படிக்கும் பெண்ணின் நிலையில் யோசித்துப் பாருங்கள். "நிச்சயத்தன்னிக்கு நீங்க சிரிச்சப்ப எங்க அம்மாவே என்னைத் திரும்பிப் பாத்தாங்க" என்று படித்து அவர் முகம் மலரும்போதே, அடுத்த வரி இதில் தப்பாக நினைக்க ஏதோ இருக்கிறது என்று சொல்கிறது. இப்போது அவர் மகிழ்வதை விட்டுவிட்டு உங்களைச் சமாதானப்படுத்த வேண்டும். கொடுத்ததைக் கையிலிருந்து பிடுங்கியதுபோல ஆகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. உங்கள் அன்பான செய்திகளுக்கு அவர் "அய்யோ அதெல்லாம் ஒண்ணும் இல்ல, பரவாயில்ல" என்றே திரும்பத் திரும்பப் பதில் எழுதினால், நீங்கள் வால் சேர்க்கிறீர்கள் என்று பொருள். வரியை எழுதி முற்றுப்புள்ளி வைத்து நிறுத்திப் பழகுங்கள். எரிகா பூத்பியும் வனெஸா போன்ஸும் 2021இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குப் பக்கபலமாக இருக்கின்றன. பாராட்டுச் சொல்கிறவர்கள், அது கேட்பவரை எவ்வளவு மகிழ்விக்கும் என்பதைக் குறைத்தும், எவ்வளவு சங்கடப்படுத்தும் என்பதைக் கூட்டியும் மதிப்பிடுகிறார்கள் என்பதுதான் அவற்றின் முடிவு. அதாவது உங்களுக்குள் கேட்கும் எச்சரிக்கை மணி உண்மையான ஆபத்தைவிடச் சத்தமாக அடிக்கிறது.

அளவைப் பொறுத்தவரை ஒரு நாளைக்கு ஒன்று போதும், இரண்டு நாளைக்கு ஒன்றுகூடப் போதும். மற்றவை சாதாரணப் பேச்சாக இருக்கட்டும். இரண்டு வரியைத் தாண்டாமல் எழுதுங்கள். ஒரு வாரமாக அடக்கிவைத்ததை எல்லாம் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரே பத்தியாகக் கொட்டினால், அதற்குச் சமமாகப் பதில் எழுத வேண்டுமே என்று அவருக்குப் பாரமாகிவிடும். அதைப் படித்துவிட்டு அவர் காலையில் "படிச்சேன், நல்லா இருந்துச்சு" என்று மட்டும் எழுதுவார், நீங்கள் அதைக் குளிர்ச்சி என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணின் செல்போன் நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் அவர் கையில் மட்டும் இருப்பதில்லை. சார்ஜ் போட்டிருக்கும்போது அம்மா எடுப்பார், தம்பி விளையாடுவான், பள்ளியில் ஓய்வறை மேசை மேல் திரை மேல்நோக்கிக் கிடக்கும். பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியும். எனவே மூன்றாம் படிச் செய்திகளின் முதல் வரி எப்போதும் சாதாரணமாக இருக்கட்டும், விளையாட்டு இரண்டாம் வரியில் வரட்டும். அல்லது "ஒண்ணு சொல்லணும், தனியா இருக்கும்போது சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பும் இனிமையாகத்தான் இருக்கும். அவர் அனுப்பாத புகைப்படத்தைக் கேட்பதும், பேச்சை உடல் பக்கம் திருப்புவதும் வேண்டாம். நிச்சயம் ஆகிவிட்டது என்பது அதற்கெல்லாம் அனுமதிச் சீட்டு அல்ல.

எழுத்து வராத நாளில் குரல் செய்தி அனுப்பலாம். பத்துப் பதினைந்து விநாடி போதும், அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கவும் வசதி இருக்கிறது. "இப்பத்தான் பாலம் தாண்டுறேன், ஆற்காட்டுல மக்கன் பேடா வாசனை வருது, உங்களுக்குப் பிடிக்கும்னு சொன்னீங்களே, அதான் ஞாபகம் வந்துச்சு" என்று வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொன்னால், எழுத்தில் வராத குழைவு குரலில் தானாக வந்துவிடும். தடுமாறினாலும் மறுபடி பதிவு செய்யாதீர்கள். மெல்லப் பேசுகிறவரின் தடுமாற்றம் கேட்பவருக்கு நெருக்கமாகவே தோன்றும்.

இதே கேள்வியோடு படிக்கும் வேறு சிலருக்காக ஒன்று. மேலே சொன்னதெல்லாம், எதிரே இருப்பவரும் விருப்பத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது பொருந்துவது. அறிமுகம் இல்லாத பெண்ணின் எண்ணை எங்கிருந்தோ வாங்கி இந்த வரிகளை அனுப்பக் கூடாது. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பெண்ணைத் தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். ஒற்றை எழுத்துப் பதில்கள், நாள்கணக்கில் மௌனம், கேள்விக்கு ஒருபோதும் மறுகேள்வி வராமை, இவை மூன்றும் சேர்ந்து வந்தால் அதைக் கூச்சம் என்று நீங்களாக முடிவுசெய்துகொள்ள வேண்டாம். எழுதுவதை நிறுத்திவிடுங்கள். நிச்சயமான பெண்ணிடமிருந்தே இப்படி வந்தால், கொஞ்சல் செய்திகளை விட்டுவிட்டு, இந்தத் திருமணத்தில் அவருக்கு முழுச் சம்மதமா என்று நேரில், மென்மையாக, பெரியவர்கள் இல்லாத இடத்தில் கேட்பதுதான் முதல் வேலை.

உங்கள் விஷயத்தில் அந்தக் கவலைக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. அவராகவே பேருந்துக் கதையைச் சொல்கிறார். அவருக்குத் தெரியாதது ஒன்றுதான், உங்கள் "அப்படியா"வுக்குப் பின்னால் என்ன ஓடியது என்பது. ஆகவே வரும் ஞாயிறு, அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில், உங்கள் சுபாவத்தை ஒரே ஒருமுறை சொல்லிவிடுங்கள். "எனக்கு வார்த்தை மெதுவாத்தான் வரும். சின்னதா பதில் போட்டா ஆர்வம் இல்லன்னு நெனைச்சுடாதீங்க, யோசிச்சிட்டு இருக்கேன்னு அர்த்தம். நீங்க பேசறதை எல்லாம் ரெண்டு தடவை படிக்கிறேன்." இதற்கு மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம், இன்னொரு முறை நினைவூட்டவும் வேண்டாம். பெரும்பாலும் அவர், "அப்போ போன் பண்ணுங்க" என்பார். கூப்பிடும் முன், அந்த வாரம் அவர் சொன்னவற்றில் இரண்டு விஷயங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பேச்சு நின்றுபோகும் இடத்தில் ஒன்றை எடுத்துக் கேளுங்கள்.